‘டீம்டு ரென்ட்’: தமிழில் என்ன சொல்வது?

கயல்விழி:

நண்பர்களுக்கு வணக்கம். ஓய்வூதியர்களுக்காக வருமான வரிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுச் சொத்து வருமானம் என்ற அத்தியாயத்தில் ஒரு சொல்லோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

ஒருவருக்கு இரண்டு வீடுகள். இரண்டையும் அவரே வைத்துக்கொண்டிருக்கிறார், வாடகைக்கு விடவில்லை, ஒரு காசு வரவில்லை. ஆனாலும் ஒரு வீட்டுக்கு வாடகை வந்தது போலக் கணக்குப் போட்டு அதற்கு வரி கேட்டார்கள். இந்த வராத வாடகைக்கு ‘டீம்டு ரென்ட்’ என்று பெயர். “கருதப்பட்ட வாடகை” என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் படியைப் படித்த என் அத்தை, “யார் கருதியது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.

முருகேசன்:

இதற்கு ஏன் ஒரு வாரம், அம்மா? ‘டீம்டு யுனிவர்சிட்டி’யை நாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று ஆக்கி, ஊர் முழுக்கப் பெயர்ப்பலகையில் எழுதியாகிவிட்டது. பல்கலைக்கழகம் அல்லாததைப் பல்கலைக்கழகத்துக்கு நிகராக வைப்பது அது. வாடகை அல்லாததை வாடகைக்கு நிகராக வைப்பது இது. நிகர்நிலை வாடகை. முடிந்தது.

வரதன்:

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். நான் ஆடிட்டர், இந்த அத்தியாயத்தோடு முப்பது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன். அதே பக்கத்தில் ‘நிகர ஆண்டு மதிப்பு’ என்று ஒன்று வரும். மொத்த மதிப்பிலிருந்து சொத்து வரியைக் கழித்தால் மிஞ்சுவது அது. அதற்குப் பக்கத்தில் ‘நிகர்நிலை வாடகை’ என்று எழுதினால், படிப்பவர் கழிவு போக மிஞ்சிய வாடகை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கயல்விழி அவர்களின் கேள்வியிலேயே ஒரு திருத்தம் வேண்டும். இரண்டாவது வீட்டுக்கு இப்போது இந்த வரி இல்லை. 2018-19 நிதியாண்டு வரை ஒரு வீட்டுக்குத்தான் விலக்கு இருந்தது. 2019 நிதிச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு வீடுகளை ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம், இரண்டின் ஆண்டு மதிப்பும் பூஜ்யம். மூன்றாவது வீட்டிலிருந்துதான் கற்பனை வாடகை தொடங்கும். 2025இல் இன்னும் தளர்த்தினார்கள். முன்பெல்லாம் வேலை நிமித்தம் வெளியூரில், பிறர் வீட்டில் குடியிருந்தால்தான் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் சொந்தக் குடியிருப்பாகச் சொல்லலாம். இப்போது எந்தக் காரணத்தால் அதில் இருக்க முடியாவிட்டாலும் போதும். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. கையேட்டில் பழைய விதியை அச்சிட்டுவிடாதீர்கள்.

செல்லத்துரை:

கருதப்பட்ட வாடகையைச் சுருக்கி ‘கருது வாடகை’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். எங்கள் சிவகங்கைப் பக்கம் கருது என்றால் நெற்கதிர். கருது அறுக்கிற இயந்திரத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று என்னிடமே விசாரிக்க வருவார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு அடுக்ககக் குடியிருப்பு, காரைக்குடியில் ஒரு வீடு. மாறி மாறி இருப்போம். 2017-18 கணக்கில் காரைக்குடி வீட்டுக்காக என்னிடம் 9,950 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். நகராட்சிக்குத்தான் ஆண்டுதோறும் வீட்டு வரி கட்டுகிறேனே, அப்புறம் டெல்லிக்கு வேறு எதற்கு? ஒரே வீட்டுக்கு இரண்டு வரியா?

வரதன்:

> நகராட்சிக்குத்தான் ஆண்டுதோறும் வீட்டு வரி கட்டுகிறேனே

இரண்டும் வேறு, ஐயா. நகராட்சி வாங்குவது கட்டடத்தின் மேல் வரி. வருமான வரி கேட்பது அந்தக் கட்டடத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பயனின் மேல். நகராட்சிக்குக் கட்டியதை இந்தக் கணக்கில் கழித்தும் கொடுத்திருப்பார்கள். உங்கள் 9,950ஐத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்: காரைக்குடியில் அந்த அளவு வீட்டுக்கு மாதம் 6,000 என்று வைத்திருந்தால் ஆண்டுக்கு 72,000. நகராட்சி வரி 3,000 கழிந்தால் 69,000. பழுதுபார்ப்புக்கு நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் 30 விழுக்காடு, அதாவது 20,700 கழியும். மிச்சம் 48,300 உங்கள் வருமானத்தில் ஏறும். 20 விழுக்காடு வரி 9,660, அதன்மேல் அப்போதிருந்த 3 விழுக்காடு கூடுதல் வரி. கூட்டினால் 9,950 வருகிறது.

உங்கள் கணக்கர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். எந்த வீட்டுக்கு விலக்கு என்பது உரிமையாளரின் விருப்பம். அவர் சென்னை வீட்டுக்கு விலக்கு வாங்கி, வாடகை குறைந்த காரைக்குடியைக் கணக்கில் காட்டினார். மாற்றிச் செய்திருந்தால், சென்னைக்கு மாதம் 20,000 வைத்தால்கூட, வருமானத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஏறியிருக்கும். அந்த விருப்பத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

கயல்விழி:

இதை அப்படியே கையேட்டில் எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஆனால் அத்தையின் அடுத்த கேள்வி இது: வராத பணத்துக்கு ஏன் வரி? அதற்கு ஒரு பத்தி எழுதாமல் சொல்லை மட்டும் வைத்தால் கோபித்துக்கொள்வார்.

மீரா:

கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன், இந்தப் பாடத்துக்கு வகுப்பில் சொல்லும் கதை ஒன்று. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே தெருவில், ஒரே அளவில் ஆளுக்கொரு வீடு. அவரவர் வீட்டில் அவரவர் இருக்கிறார்கள், வரி இல்லை. ஒரு நாள் வீடுகளை மாற்றிக்கொண்டு, ஒருவருக்கொருவர் மாதம் 15,000 வாடகை கொடுக்கத் தொடங்குகிறார்கள். இப்போது இருவருக்கும் ஆண்டுக்கு 1,80,000 வாடகை வருமானம், இருவருக்கும் வரி. அவர்கள் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. மாறியது படுக்கையறைச் சுவரின் வண்ணம் மட்டும்தான். அப்படியானால் முதல் நிலையிலும் அந்த 1,80,000 அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, ரூபாயாக அல்லாமல் குடியிருக்கும் வசதியாக. வரி அதன் மேல்தான். சுவிட்சர்லாந்தில் குடியிருக்கும் ஒரே வீட்டுக்குக்கூட இப்படி வரி உண்டு. அதை ஒழிக்க 2025 செப்டம்பரில்தான் மக்கள் வாக்களித்தார்கள்.

எங்கள் துறையில் இதைச் ‘சாட்டிய வாடகை’ என்று நான் எழுதுவது வழக்கம். உரிமையாளர் மேல் சாட்டப்படுவதால்.

முருகேசன்:

குற்றம் சாட்டுவது போல இருக்கிறது. அத்தை இன்னும் கோபிப்பார்.

உங்கள் கதையிலும் ஒரு ஓட்டை. குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். செல்லத்துரை சென்னையில் தூங்கும் இரவில் காரைக்குடிக் கட்டிலில் யார் தூங்குகிறார்கள்? ஒரே இரவில் இரண்டு கட்டிலில் படுக்க யாராலும் முடியாது. அங்கே என்ன வசதி கிடைத்தது?

மீரா:

நியாயமான கேள்வி. வேண்டும்போது போகலாம் என்ற வசதி என்று சொல்லலாம். ஆனால் அதன் மதிப்பு முழு ஆண்டு வாடகையா என்றால், எனக்கே தயக்கம்தான்.

வரதன்:

சட்டம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. நீங்கள் தூங்கினீர்களா என்று அது பார்ப்பதில்லை. வீடு விட்டால் எவ்வளவு வரும் என்று பார்க்கிறது. வரி ஆண்டு மதிப்பின் மேல், அதாவது வீட்டின் ஈட்டும் திறனின் மேல்; கைக்கு வந்த பணத்தின் மேல் அல்ல. பணமே வராதது எப்படி வருமானம் ஆகும் என்று பகவான் தாஸ் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர் கொடுக்க வேண்டிய வாடகையை மிச்சப்படுத்துகிறார், வருமானம் என்ற சொல்லின் பொருள் விரிந்தது, அதில் இதுவும் அடங்கும் என்று 1981இல் தீர்ப்பானது. தலைக்கு மேல் கூரை அவசியம் என்பதால் சொந்தக் குடியிருப்புக்கு விலக்கு. ஒரு வீட்டுக்கா, இரண்டு வீட்டுக்கா என்பது நாடாளுமன்றம் போடும் கோடு. பலருக்கு வேலை ஓரிடத்திலும் பெற்றோர் ஓரிடத்திலும் என்பதால் 2019இல் கோட்டை நகர்த்தினார்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். நாம் எல்லோரும் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். ‘டீம்டு ரென்ட்’ என்ற சொல் சட்டத்தில் இல்லை, அது பேச்சு வழக்கு. அந்த வீட்டை “விட்டிருந்தால் எப்படியோ அப்படி” மதிப்பிட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் வாசகம். கற்பனை, வீட்டை விட்டதில் இருக்கிறது. வாடகையில் இல்லை. வாடகை உண்மையான சந்தையில் விசாரித்து எடுக்க வேண்டிய தொகை. நகராட்சி வைத்த மதிப்பையும், பக்கத்தில் அதே அளவு வீட்டுக்கு வரும் வாடகையையும் பார்த்து, பெரும்பாலும் எது அதிகமோ அதை எடுக்கிறோம். கணினிப் படிவத்திலும் `Self Occupied`, `Let Out`, `Deemed Let Out` என்று வீட்டைத்தான் பிரிக்கிறார்கள். ஆகவே இரண்டு சொல் வேண்டும், வீட்டுக்கு ஒன்று, தொகைக்கு ஒன்று.

முருகேசன்:

இது நல்ல சுட்டல். கணக்கில் “எக்ஸ் எனக் கொள்க” என்கிறோம், உரையாசிரியர்களும் “என்று கொள்க” என்பார்கள். யாரும் “யார் கொண்டது?” என்று கேட்பதில்லை. அத்தைக்கும் அது போதும். வீட்டுக்கு: விட்டதாகக் கொள்ளும் வீடு. தொகைக்கு: கொள்வாடகை.

கயல்விழி:

முதலாவதை எடுத்துக்கொண்டேன், மறுபேச்சு இல்லை. படிவத்தின் மூன்று சொற்களும் தாமிருக்கும் வீடு, விட்ட வீடு, விட்டதாகக் கொள்ளும் வீடு என்று வரிசையாக அமர்கின்றன. ‘கொள்வாடகை’யில்தான் தடுமாற்றம். கொள்முதல், கொள்வனவு என்று படித்துப் பழகியவர் அதைக் கையில் வாங்கிக்கொண்ட வாடகை என்று நினைப்பார். நேர் எதிர்ப் பொருள். ‘பெறத்தக்க வாடகை’ எப்படி?

வரதன்:

ஆகாது. வாடகைதாரர் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கிக்கு அதே பிரிவில் அந்தச் சொல் தேவைப்படும். ‘எதிர்பார்க்கத்தகு வாடகை’ என்றால் சட்டத்துக்கு நெருக்கம். வாய்க்குத்தான் தூரம்.

செல்லத்துரை:

இவ்வளவு ஏன்? வீடு விசாரிக்கும்போது “இந்தத் தெருவில் வாடகை என்ன போகிறது?” என்றுதானே கேட்கிறோம். போகும் வாடகை என்று எழுதுங்கள்.

அதிருக்கட்டும், ஆடிட்டர் ஐயாவிடம் ஒன்று. போன ஆண்டு அம்மா காலமானார்கள். கிராமத்து வீடு நான்கு பிள்ளைகள் பேரிலும் சம பங்காக வந்திருக்கிறது. இது எனக்கு மூன்றாவது வீடா, இல்லை கால் வீடா?

கயல்விழி:

போகும் வாடகை! எனக்குப் பிடித்துவிட்டது.

முருகேசன்:

எனக்குப் பிடிக்கவில்லை. போகும் உயிர், போகும் வழி என்பது போல, கையை விட்டுப் போகிற வாடகை என்று கேட்கிறது. அடைப்பில் போட்டு வையுங்கள், யோசிப்போம்.

வரதன்:

செல்லத்துரை ஐயா, பங்கு இன்னது என்று தெளிவாக இருந்தால் உங்கள் கால் பங்கு உங்கள் கணக்கில்தான் வரும், மூன்றாவது வீடாகவே எண்ணப்படும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சென்னைக்கும் காரைக்குடிக்கும் விலக்கு எடுத்துக்கொண்டு கிராமத்து வீட்டை விட்டதாகக் காட்டுங்கள். அங்கே மாதம் 2,000 போகும் என்றால் ஆண்டுக்கு 24,000, உங்கள் பங்கு 6,000. வீட்டு வரியைத் தள்ளிவைத்து 30 விழுக்காடு கழித்தால் 4,200 ஏறும்.

(“2,000 போகும்” என்று நானே எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.)