போர்ட்டல் 79.28 என்கிறது, என் கணக்கு 80.30 என்கிறது

அந்திமல்லி

ரிசல்ட் வந்து மூன்று நாளாகிறது. புள்ளியியல் பாடத்தில் போர்ட்டல் எனக்கு 79.28 காட்டுகிறது, கிரேடு பி பிளஸ். 80 இருந்தால் ஏ. இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 74 என்று வந்திருந்தால் பேசாமல் போயிருப்பேன்.

முதல் வகுப்பில் கொடுத்த சிலபஸ் தாளில் இருப்பது: அசைன்மென்ட் 20, க்விஸ் 15, மிட்டேர்ம் 25, ஃபைனல் 40. அசைன்மென்ட் ஐந்து, ஐந்துக்கும் சம மதிப்பு. க்விஸ் ஆறு, அதில் மிகக் குறைந்த ஒன்றை விட்டுவிடுவார்கள்.

என் மார்க் இதோ. அசைன்மென்ட் நான்கு இருபதுக்கு: 18, 17, 19, 16. ஐந்தாவது மட்டும் ஐம்பதுக்கு, அதில் 30. க்விஸ் பத்துக்கு: 9, 8, 7, 10, 4, 8. மிட்டேர்ம் 50-க்கு 37. ஃபைனல் 100-க்கு 82.

மிட்டேர்ம் 74 சதவீதம், 25-க்கு 18.5. ஃபைனல் 40-க்கு 32.8. க்விஸில் அந்த 4-ஐத் தூக்கினால் 50-க்கு 42, அதாவது 84 சதவீதம், 15-க்கு 12.6. அசைன்மென்ட்களைச் சதவீதமாக்கினால் 90, 85, 95, 80, 60. சராசரி 82, 20-க்கு 16.4. எல்லாம் கூட்டினால் 80.30.

நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. ஆனால் "என் கணக்கு வேற வருது சார்" என்று மட்டும் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

நீலவானம்

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள் தோழி. நான் ஒரு பாடத்துக்குப் போட்டு ஆறு மார்க் கூடியது. கடைசித் தேதி தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்திமல்லி

நன்றி, ஆனால் விடைத்தாள் திருத்தியதில் எனக்குக் குறையே இல்லை. 82 சரியான மார்க்தான். கூட்டிய இடத்தில்தான் எங்கோ பிசகியிருக்கிறது.

கடைசிபெஞ்சு

இது ரொம்ப சுலபம். க்விஸில் அந்த 4-ஐக் கழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆறையும் சேர்த்தால் 60-க்கு 46, 15-க்கு 11.5 வரும். மொத்தம் 79.20. போர்ட்டல் 79.28. அந்த 0.08 ரவுண்டிங். எனக்கும் போன செமஸ்டரில் இதேதான் நடந்தது, மெயில் போட்டதும் சரிசெய்தார்கள். நீங்களும் "க்விஸை டிராப் பண்ணலை" என்று மெயில் தட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

சிவப்புமை

கொஞ்சம் பொறுங்கள், அந்த மெயிலை இப்போது அனுப்பாதீர்கள் அம்மா. நான் பாடம் எடுப்பவன், எங்கள் துறையில் இந்த மார்க் பட்டியல் அமைக்கிற வேலை பல வருடமாக என் தலையில்தான்.

0.08-ஐ ரவுண்டிங் என்று தள்ள முடியாது. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் அதிகம் போனால் 0.005 தான் நகரும். நான்கு பகுதி சேர்ந்தாலும் 0.02. சரி, க்விஸ் சதவீதத்தையே முழு எண்ணாக்கி 76.67-ஐ 77 என்று வைத்துக்கொண்டதாக நினைப்போம். அப்போதும் 79.25 தான் வருகிறது, 79.28 வரவில்லை.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கணக்கு சரி என்று நிரூபித்தால் பாதி வேலைதான் ஆகிறது. போர்ட்டல் எந்தத் தப்பான வழியில் போனால் அதே எண் வரும் என்பதைக் கண்டுபிடியுங்கள். சந்தேகப்படுகிற ஒவ்வொரு வழியிலும் வேண்டுமென்றே தப்பாகக் கணக்குப் போட்டு, இரண்டாவது தசமம் வரைக்கும் எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போவது கணக்கில் சேராது.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் வெயிட்டேஜே போடாமல் எல்லா மார்க்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள் என்பது. க்விஸைக் கழித்தபின் 330-க்கு 261, அதாவது 79.09. இல்லை. இரண்டாவது, தம்பி சொன்ன க்விஸ். 79.20. அதுவும் இல்லை. மூன்றாவதாக, அந்த ஐம்பது மார்க் அசைன்மென்ட் என் கண்ணை உறுத்துகிறது. ஒரு ஷீட்டில் இந்த இரண்டு வரியையும் போட்டுப் பாருங்கள்:

```
=AVERAGE(18/20, 17/20, 19/20, 16/20, 30/50)*20
=SUM(18,17,19,16,30)/SUM(20,20,20,20,50)*20
```

அந்திமல்லி

முதல் வரி 16.4. இரண்டாவது 15.3846... இதை மற்றதோடு கூட்டினால் 79.2846. போர்ட்டலில் இருப்பது 79.28! சார், புல்லரிக்கிறது.

சிவப்புமை

அப்படியென்றால் க்விஸைச் சரியாகத்தான் கழித்திருக்கிறார்கள். அசைன்மென்ட் மட்டும் மொத்த மார்க்காகக் கூட்டப்பட்டிருக்கிறது: 130-க்கு 100. ஐம்பது மார்க் அசைன்மென்ட் மற்றதைப் போல இரண்டரை மடங்கு கனமாகிவிட்டது, உங்களுக்குக் குறைந்த மார்க் வந்ததும் அதில்தான். நான்கு அசைன்மென்ட் இருபதுக்கு இருக்கும்போது இந்த வித்தியாசம் வெளியே தெரியாது, இரண்டு வழியும் ஒரே விடைதான். கடைசியில் ஒருவர் ஐம்பதுக்கு ஒன்று வைத்ததும் பூனை வெளியே வந்துவிட்டது.

ஆசிரியர் கணக்குத் தெரியாமல் செய்ததாக நினைக்காதீர்கள். மூடில் போர்ட்டலில் இது ஒரு செட்டிங், அவ்வளவுதான். அந்தப் பிரிவுக்கு `Mean of grades` வைத்தால் சதவீதங்களின் சராசரி எடுக்கும். `Simple weighted mean of grades` வைத்தால் அதிகபட்ச மார்க்கே எடையாகிவிடும். பட்டியலில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நானே ஒரு முறை மாற்றித் தொலைத்திருக்கிறேன்.

கடைசிபெஞ்சு

ஓ. அப்ப என் கேஸிலும் க்விஸ்தான் காரணமா என்று இப்போது சந்தேகம் வருகிறது. மார்க் கூடியதும் நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

தூக்கணாங்குருவி

நான் இதில் அசிங்கப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ஃபைனலுக்கு முன்னால் போர்ட்டல் எனக்கு 91 காட்டியது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஃபைனலில் 68. மறுநாள் பார்த்தால் 81.80. ஒரே பரீட்சைக்கு ஒன்பது மார்க்கா என்று கொதித்துப்போய் நீளமாக ஒரு புகார் எழுதினேன்.

தப்பு என் பக்கம். ஃபைனலுக்கு 40 வெயிட்டேஜ். அதுவரை முடிந்திருந்தது 60 மட்டும். வராத மார்க்கை ஒதுக்கிவிட்டு, வந்த 60-ஐயே நூறாக விரித்துக் காட்டியதுதான் அந்த 91. உண்மையில் என் கையில் இருந்தது 54.6. ஃபைனலில் 68 சதவீதத்துக்கு 27.2. கூட்டினால் 81.8, அச்சு அசலாக. புகாருக்கு வந்த பதிலில் இந்த மூன்று வரிதான் இருந்தது, கோபமே இல்லாமல். அதுதான் இன்னும் வலித்தது.

பனங்கற்கண்டு

என் அனுபவம் வேறு மாதிரி. நானும் சிலபஸ் வைத்துக் கணக்குப் போட்டேன், போர்ட்டலோடு கடைசித் தசமம் வரை ஒத்துப்போனது. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று மூடிவைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பையைச் சுத்தம் செய்யும்போது பழைய மிட்டேர்ம் தாள் கிடைத்தது. மேலே சிவப்பில் 41. போர்ட்டலில் 14.

நான் கணக்குக்கு எடுத்த மார்க்குகளையே போர்ட்டலில் இருந்துதான் எடுத்திருந்தேன். பிறகு எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்? திருத்திக் கொடுத்த தாள் இருந்தால் அதிலிருந்து எழுதுங்கள்.

அந்திமல்லி

நல்லவேளை சொன்னீர்கள். இப்போதே எடுத்துப் பார்த்தேன், க்விஸ் தாள் ஆறும் மிட்டேர்மும் ஒத்துப்போகின்றன. அசைன்மென்ட் எல்லாம் ஆன்லைனில் திருத்தியது, தாள் கிடையாது. ஃபைனல் தாளை எங்களுக்குத் திருப்பித் தருவதில்லை.

ஒற்றைப்பனை

எல்லோரும் கொண்டாடுவதற்கு முன் ஒன்று. எனக்கும் இதே கூட்டல் பிரச்சினைதான். நானும் சரியாகக் கண்டுபிடித்தேன், 1.4 வித்தியாசம். ஆனால் எங்கள் சிலபஸில் "அசைன்மென்ட் 20%" என்று மட்டும்தான் இருந்தது, சம மதிப்பு என்ற வார்த்தை இல்லை. "நான் மொத்த மார்க்கைத்தான் எண்ணினேன், பெரிய அசைன்மென்ட்டுக்குப் பெரிய மதிப்பு" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? என்னைக் கேட்டால் எங்கும் எழுதாத ஒன்றைக் கடைசியில் முடிவு செய்வது நியாயமில்லை.

சிவப்புமை

உங்கள் ஆசிரியர் சொன்னது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தாளில் இல்லையென்றால் இரண்டு வழியும் நேர்மையான வழிதான். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது வேறு. அந்திமல்லிக்கு அந்த ஒரு வரிதான் பலம். மெயிலில் சிலபஸின் அந்த வரி, உங்கள் ஐந்து மார்க், 15.38, 16.40, இரண்டு மொத்தமும் வந்தால் போதும். "தப்பு" என்ற சொல் வேண்டாம், "இந்தப் பிரிவு மொத்த மார்க்காகக் கூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க முடியுமா" என்று கேளுங்கள். அவர் செட்டிங்கைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

ஒற்றைப்பனை

நியாயம் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, ஆனாலும் பதிலுக்கு நன்றி.

அந்திமல்லி

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நேற்றுக் காலை மெயில் அனுப்பினேன், மதியமே பதில். நீங்கள் சொன்ன அதே செட்டிங்தான் சார். போன வருடப் பாடத்தை நகல் எடுத்துப் புதிதாக்கியபோது அப்படியே வந்துவிட்டதாம். போன வருடம் எல்லா அசைன்மென்ட்டும் இருபதுக்கு. எனக்கு 80.30 என்று மாறிவிட்டது.

ஆனால் செட்டிங்கை மாற்றினால் எனக்கு மட்டும் மாறாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் பக்கத்து இருக்கைப் பையனுக்கு நான்கும் சுமார்: 14, 15, 13, 14. ஐம்பதுக்கு வைத்ததில் 48 வாங்கியிருந்தான். பழைய கணக்கில் 130-க்கு 104, அசைன்மென்ட்டுக்கு 16. புதிய கணக்கில் 15.04. மொத்தம் 80.55-ல் நின்றிருந்தவனுக்கு இப்போது 79.59.

கிரேடு குறைகிறவர்களுக்குப் பழையதையே விட்டுவிடுவதா என்று துறையில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் முடிவு தெரியவில்லை. அவன் இன்று வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.