புதுப்பிப்பு: தைராய்டு மாத்திரை தொடங்கி ஏழு மாதம்

மாத்திரை தொடங்கும் முன் நான் இங்கே கேட்டது: "தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் எனக்கு 48. முடி கொட்டுகிறது, தோல் உரிகிறது, 11 கிலோ ஏறிவிட்டது. மாத்திரை போட்டால் எல்லாம் பழையபடி ஆகுமா?"

இப்போது டிஎஸ்எச் 2.6, நார்மல். முதலில் தேறியது தோல்தான். இரண்டாம் மாதமே முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுவது நின்றது.

எடையில் 3 கிலோ சீக்கிரமே இறங்கியது, கண் இமை வீக்கமும் கூடவே போனது. அது உடம்பில் தேங்கிய உப்பும் நீரும் என்றார் டாக்டர். மிச்சம் 8 கிலோ அப்படியே நிற்கிறது. "டோஸைக் கூட்டச் சொல்லுங்க, எங்க அக்கா இளைச்சிட்டாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். டாக்டரிடம் கேட்டேன். டோஸ் கூடினால் இதயம் படபடக்கும், எலும்பு தேயும் என்று மறுத்துவிட்டார்.

முடிதான் பொறுமையைச் சோதித்தது. மூன்று மாதம் சீப்பில் அதே கொத்து. பயோட்டின் வைட்டமின் சாப்பிடச் சொன்னவருக்கு: எனக்குப் பலன் தெரியவில்லை, தவிர அது தைராய்டு ரத்தப் பரிசோதனையையே குழப்பலாமாம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்ன நர்ஸ் அக்கா சொன்னதுதான் சரி, 9தான் இருந்தது, குறைவு. இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளிப் போடுகிறேன். ஐந்தாம் மாதம் நெற்றியோரம் குட்டி முடி முளைத்தது. உச்சி வகிடு மட்டும் அகலமாகவே இருக்கிறது. அது பரம்பரை வழுக்கையாக இருக்கலாமாம், அடுத்த வாரம் தோல் டாக்டரிடம் போகிறேன்.