நண்டு ஆலைக்குக் கலைச்சொல் வேண்டும்: கரெக்டிவ் ஆக்‌ஷன், பிரிவென்டிவ் ஆக்‌ஷன்

மண்டபம், தரப்பிரிவு

குழுவினருக்கு வணக்கம். நண்டுச் சதை ஏற்றுமதி செய்யும் ஆலையில் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் நடத்திய தணிக்கையில் தோற்றுவிட்டோம். அவித்த நண்டைப் பிரிக்கும் மேசையில், ஐஸில் வைத்திருந்த ஒரு கிண்ணத்துச் சதைக்கு நடுவில் தணிக்கையாளர் வெப்பமானியைக் குத்தினார். 14 டிகிரி காட்டியது. எங்கள் பதிவேட்டில் அதே நேரத்துக்கு 3 டிகிரி என்று எழுதியிருந்தது.

“மேற்பார்வையாளர் கண்டிக்கப்பட்டார், பணியாளர்களுக்கு மறுபயிற்சி தரப்பட்டது” என்று நிறுவனம் அனுப்பிய பதில், “இதில் காரணம் எங்கே?” என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் புது அறிக்கை போக வேண்டும். மேசையில் உட்காரும் அக்காமார் படித்துக் கையெழுத்திட ஒரு தமிழ்ப் படியும் தேவை.

‘திருத்த நடவடிக்கை’, ‘தடுப்பு நடவடிக்கை’ என்று போட்டுப் பார்த்தேன். முதல் சொல்லைப் பார்த்ததும் ஒரு மேற்பார்வையாளர், “பதிவேட்டைத் திருத்தணுமா சார்?” என்று வெள்ளை மையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

கீழக்கரை, தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, ‘திருந்து’ தன்வினை, ‘திருத்து’ பிறவினை. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோமே, அது ஏட்டைச் சுரண்டுவது அல்ல. சொல் நல்ல சொல், அதை வெள்ளை மைக்காரருக்காக விட்டுவிடாதீர்கள்.

காரணத்துக்குக் குறளே சொல் தந்திருக்கிறது. நோய்முதல் போல ‘குறைமுதல்’. செய்கைக்குக் ‘குறைமுதல் நீக்கம்’. மற்றதற்கு ‘வருமுன் காப்பு’. ‘நடவடிக்கை’ என்ற வாலே வேண்டாம்.

தூத்துக்குடி, தணிக்கையாளர்

ஐயா மன்னிக்கணும், குறைமுதல் அழகான சொல்தான். ஆனால் இலக்கணத்தில் வினைமுதல் என்றால் செய்தவன். குறைமுதல் என்று கட்டம் போட்டால் யார் குறை செய்தார் என்று எடுத்துக்கொண்டு ஆள் பெயரைத்தான் எழுதுவார்கள். “மேற்பார்வையாளர் கண்டிக்கப்பட்டார்” என்ற பதிலும் அப்படி வந்ததுதான். பாதி அறிக்கைகள் திரும்புவதே இதனால்தான்.

மண்டபத்துக்காரருக்கு ஒன்று. நீங்கள் இரண்டு சொல் கேட்கிறீர்கள், தேவை மூன்று. 14 டிகிரியில் இருந்த சதையை ஒதுக்குவதும், அன்றைய சரக்கை நிறுத்தி வைத்துச் சோதனைக்கு அனுப்புவதும் முதல் வேலை. அது குறையை மட்டும் சரிசெய்கிறது. சதை ஏன் சூடானது என்று கண்டு அந்தக் காரணத்தை எடுப்பது இரண்டாவது. இன்னும் நடக்காத இடத்தில் நடக்காமல் பார்ப்பது மூன்றாவது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் எழுதினால் எந்த வாடிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

அந்தச் சரக்கை எளிதாக விட்டுவிடவும் வேண்டாம். கையிலிருந்து சதைக்குப் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், பிறகு பாஸ்டரைஸ் செய்தாலும் கிருமி சாகும், நஞ்சு போகாது.

பாம்பன், ஐஸ் ஆலை

எனக்குத் தமிழ் இலக்கணம் வராது. ஐஸைக் குறை சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. பார் ஐஸை உடைத்துப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், கிண்ணத்தை ஒட்டாது. எங்களிடம் வாங்கிய ஒரு கணவாய்க் கம்பெனியிலும் இதே தகராறு. கடைசியில் பார்த்தால் வெப்பமானியைச் சதையில் குத்தாமல் பக்கத்து ஐஸில் குத்தி எழுதியிருக்கிறார்கள். அதையும் பாருங்கள் அண்ணே.

மண்டபம், தரப்பிரிவு

ஐஸை யாரும் குறை சொல்லவில்லை அண்ணே. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம் எங்களிடமும் நடந்திருக்கிறது. 3 டிகிரி அப்படித்தான் வந்தது. அது பதிவு ஏன் பொய்யானது என்பதற்குக் காரணம். சதை சூடானதற்குக் காரணம் வேறு.

மேசை அருகே நின்று ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனோம். சதை ஏன் சூடானது? கிண்ணம் வெகுநேரம் மேசையிலேயே இருந்தது. ஏன் இருந்தது? நிறையும் வரை யாரும் எடுத்துப் போவதில்லை. ஏன்? கூலி கிலோக் கணக்கு, எடை போட ஒரே தராசு, வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. அரைக் கிண்ணத்தோடு இரண்டு முறை நிற்பதைவிட நிறைத்துக்கொண்டு ஒரே முறை நிற்பதுதான் அவர்களுக்குக் கட்டும். வரத்துக் குறைந்த நாளில் வரிசை இல்லை, சதையும் குளிர்ந்தே இருந்தது. மறுபயிற்சி எத்தனை முறை கொடுத்தாலும் இது மாறாது.

இப்போது சின்னக் கிண்ணம், இரண்டாவது தராசு. அரை மணிக்கு ஒருமுறை தள்ளுவண்டி மேசைக்கே வந்து வாங்கிப்போகும். இதற்குப் பெயர் என்ன?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015 பதிப்பில் பிரிவென்டிவ் ஆக்‌ஷன் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். இல்லாத ஒன்றுக்கு எதற்குச் சொல்? ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி, தணிக்கையாளர்

தனிப் பிரிவை எடுத்தது உண்மைதான், கருத்தை இடர்ப்பாடு பற்றிய சிந்தனைக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் வாடிக்கையாளரின் படிவத்தில் கட்டம் இருக்கிறது, அதை வெறுமையாக விட முடியாது. உணவுப் பாதுகாப்புக்கான ஹாசப் முறையில் கரெக்டிவ் ஆக்‌ஷன் என்றால் எல்லை மீறிய சரக்கை என்ன செய்வது என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஒரே ஆலையில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள். தமிழிலாவது பிரித்து வைப்போமே.

கீழக்கரை, தமிழாசிரியர் (ஓய்வு)

வினைமுதல் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ‘மூலக்காரணம்’ மட்டும் வேண்டாம். இரண்டு பாதியும் வடசொல். ‘ஏது’ என்று வையுங்கள், மணிமேகலையில் உண்டு.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

ஏதுவும் ‘ஹேது’தான் ஐயா!

இராமேசுவரம், சதை பிரிக்கும் பிரிவு மேற்பார்வையாளர்

நான் அந்த மேசையிலிருந்து மேலே வந்தவள். மூலம் என்று எழுதி ஒட்டினால் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அது எந்த வியாதி என்று உங்களுக்கே தெரியும். ஏது என்று எழுதினால் “ஏது, எங்கே?” என்று கேட்பார்கள். ‘காரணம்’ என்றால் படிக்காதவருக்கும் புரியும். தடுப்பு என்றால் எங்களுக்குத் தடுப்பூசி, இல்லாவிட்டால் போலீஸ். “சரிசெய்தது”, “காரணத்தை எடுத்தது”, “இனி வராமல் செய்தது” என்று எழுதினால் நான் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

கீழக்கரை, தமிழாசிரியர் (ஓய்வு)

அவை வாக்கியத் துண்டுகள், கலைச்சொல் இல்லையம்மா. தொழிற்பெயராகவாவது இருக்கட்டும்: சரிசெய்தல், காரணம் களைதல், வருமுன் காத்தல்.

தூத்துக்குடி, தணிக்கையாளர்

எனக்குச் சம்மதம். ஆனால் மூன்றாவதில் இரண்டாவது தராசை எழுதாதீர்கள், அது காரணம் களைதல். உங்கள் கணவாய்ப் பிரிவிலும் கிலோக் கூலியும் ஒரே தராசும் இருந்து, அங்கே இன்னும் யாரும் 14 டிகிரி காணவில்லை என்றால், அங்கே செய்வதுதான் வருமுன் காத்தல்.

இன்னொரு கட்டம் பாக்கி: செய்தது பலித்ததா என்று பார்ப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை. நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும் நாட்களில் எடுத்த வெப்பநிலையை வைத்துப் பலித்தது என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. தடை முடிந்து வரத்துக் குவியும் நாளில், அந்த மேசையின் மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் சதையின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தக் கட்டம் திறந்தே இருக்கும் என்று தேதியோடு எழுதுங்கள். வாடிக்கையாளர் ஏற்பார்.

மண்டபம், தரப்பிரிவு

நன்றி. மூன்று சொல்லும் அறிக்கையில் ஏறிவிட்டன. நான்காவதற்குப் ‘பலன் பார்த்தல்’ என்று போட்டிருக்கிறேன்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

பலன் பார்ப்பது சோதிடர். ‘பயனறிதல்’.

கீழக்கரை, தமிழாசிரியர் (ஓய்வு)

‘பயன்’ வேறு, ‘பலிதம்’ வேறு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

மண்டபம், தரப்பிரிவு

ஐயா, நாளை வெள்ளிக்கிழமை.