கடைசிப் பரீட்சை முடிந்த அன்று படத்துக்குக் கீழே என்ன எழுதினீர்கள்?

செங்காந்தள்

இன்று மதியம் 1:15 மணியோடு எனக்கு பிளஸ் டூ முடிந்தது. கடைசித் தாள் கணக்குப்பதிவியல். பள்ளி வாசலில் நாங்கள் ஆறு பேரும் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, கீழே இப்படி எழுதினேன்:

"இரண்டு பக்கமும் 1,75,000. நான் வீட்டுக்குப் போகிறேன்."

காமர்ஸ் படிக்காதவர்கள் எல்லோரும் என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். அதனால் இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

ஐந்து மதிப்பெண் பகுதியில் கூட்டாளி சேர்ப்புக் கணக்கு ஒன்று வந்தது. இரண்டு கூட்டாளிகள், இலாப விகிதம் 3:2. புதிதாக ஒருவர் 30,000 முதலோடு சேருகிறார். கட்டடத்தின் மதிப்பு 10,000 கூடுகிறது, சரக்கிருப்பு 5,000 குறைகிறது. மறுமதிப்பீட்டுக் கணக்கு போட்டேன், 5,000 இலாபம் வந்தது. கூட்டாளிகளின் முதல் கணக்குகளும் போட்டேன். கடைசியில் இருப்புநிலைக் குறிப்பைக் கூட்டினால் சொத்துகள் 1,75,000, பொறுப்புகள் 1,90,000. மணி 12:50.

இரண்டும் சமமாக வர வேண்டும், 15,000 இடிக்கிறது. பழைய ரொக்கம் 15,000 என்று கேள்வியில் இருந்தது. அதைச் சேர்க்க மறந்துவிட்டேன் என்று நினைத்து ரொக்கத்தை அடிக்கப் போனேன். ஆனால் ரொக்கத்தை 45,000 என்று ஏற்கெனவே சரியாகத்தான் எழுதியிருந்தேன். பழைய 15,000, புதியவர் கொண்டுவந்த 30,000. அங்கே கை வைத்திருந்தால் சரியாக இருந்ததும் போயிருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பொறுப்புப் பக்கத்தை மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். பொதுக் காப்பு 15,000. அதைப் பழைய கூட்டாளிகள் இருவருக்கும் 9,000, 6,000 என்று பிரித்து முதல் கணக்கில் ஏற்றிவிட்டேன். பிறகு இருப்புநிலைக் குறிப்பிலும் அப்படியே விட்டிருக்கிறேன். ஒரே பணம் இரண்டு தடவை!

ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடி கூட்டினேன். 1,75,000. அந்த நொடியிலேயே எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மீதி நேரத்தில் கூடுதல் தாளை நூல் கோத்துக் கட்டினேன், எழுதாத பக்கங்களுக்குக் குறுக்குக் கோடு போட்டேன், பதிவெண்ணைச் சரிபார்த்தேன்.

டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. இந்த ஒரு மாதமாக அந்த சீட்டில் உட்கார்ந்தால் மடியில் நோட்டு விரிந்திருக்கும். இன்று பையைத் திறக்கவே இல்லை. வழியில் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக அந்த வயலைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன், இன்றுதான் பார்க்கிறேன்.

உங்கள் கடைசித் தாள் அன்று நீங்கள் என்ன எழுதினீர்கள்? சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சு

நல்ல வேளை தங்கச்சி, கண்டுபிடித்துவிட்டாய். இருப்புநிலைக் குறிப்பு டேலி ஆகவில்லை என்றால் அந்தக் கணக்குக்கு மொத்தமும் பூஜ்யம்தான். ஐந்து மதிப்பெண்ணும் போயிருக்கும்.

நான் எழுதியது 1,200 மதிப்பெண் காலத்தில். அப்போது என்னிடம் கேமரா போனும் கிடையாது, ஸ்டேட்டஸும் கிடையாது. கடைசி நாள் சட்டையின் முதுகில் எல்லோரும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்கள். ஒருவன் "இனிமே மணி அடிக்காது" என்று எழுதினான். துவைக்காமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை

கணக்குப்பதிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குப் பல வருடம் போயிருக்கிறேன். டேலி ஆகவில்லை என்பதற்காக மொத்தத்தையும் பூஜ்யமாக்குவது கிடையாது தம்பி. மறுமதிப்பீட்டுக் கணக்குக்குத் தனியாக, முதல் கணக்குக்குத் தனியாக, படிப்படியாகத்தான் மதிப்பெண். அந்தப் பெண் 1,90,000 என்றே விட்டிருந்தாலும் கடைசிப் படியில்தான் கொஞ்சம் குறைந்திருக்கும். இந்தப் பயத்தினாலேயே சரியான கணக்கை அடித்துவிட்டு வரும் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

அம்மா செங்காந்தள், நீ விரலால் தொட்டுத் தேடியது நல்ல வழி. நான் வகுப்பில் இன்னொன்றும் சொல்வேன். முதலில் இடிக்கிற தொகையையே பார். அந்தத் தொகை கேள்வியில் அப்படியே இருந்தால், ஒன்று விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் இரண்டு தடவை வந்திருக்கும். அதில் பாதி எங்காவது இருந்தால், ஏதோ ஒன்றைப் பக்கம் மாற்றி எழுதியிருப்பாய். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், 54-ஐ 45 என்று எழுதுவது போல இலக்கம் இடம் மாறியிருக்கலாம். உன் 15,000 ஒன்பதால் வகுபடாது. பாதி 7,500, அப்படி ஒரு தொகை நீ சொன்னதில் இல்லை. ஆக முதல் வகைதான். அதே தொகையில் கேள்வியில் இரண்டு இருந்ததுதான் உன்னைக் குழப்பியிருக்கிறது. பொறுப்புப் பக்கம்தான் கனத்திருந்தது என்பதால் அங்கே தேடியது சரி.

மல்லிகா அக்கா

செங்காந்தள், மறுமதிப்பீடு போட்டதாக எழுதியிருக்கிறாயே, ரிசல்ட் வருவதற்கு முன்னாடியே எப்படிப் போட முடியும்? என் மகளுக்குப் போன வருடம் போட்டோம். நேரடியாகப் போட முடியாது கண்ணு. முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். யாராவது காசு வாங்கிக்கொண்டு இப்போதே போடுகிறேன் என்றால் நம்பாதே.

செங்காந்தள்

அக்கா, அது விடைத்தாள் மறுமதிப்பீடு இல்லை. கூட்டாளி சேரும்போது கட்டடம், சரக்கு இதற்கெல்லாம் புது மதிப்பு போடுவோமே, அந்தக் கணக்கின் பெயர்தான் அது. ஆனாலும் நகல் முதலில் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, குறித்துக்கொள்கிறேன்.

சார், நீங்கள் சொன்ன "பாதி" வழியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் தம்பி அடுத்த வருடம் பிளஸ் ஒன், அவனும் காமர்ஸ்தான் எடுக்கப் போகிறான். அவனுக்குக் காட்டுகிறேன்.

மார்ச் 24

நானும் கணக்குப்பதிவியல்தான், 2020. எங்கள் கடைசித் தாள் மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் மூன்றும் அன்றுதான். வழக்கமான 10 மணிக்குப் பதிலாக 10:30-க்குத் தொடங்கினார்கள். மாலை 6 மணியிலிருந்து 144 என்று முந்தைய நாளே தெரியும். ஊரில் பஸ் நின்றுவிடுமோ என்ற பேச்சு. அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டு, மூன்று மணி நேரமும் வாசலிலேயே நின்றார்.

எழுதி முடித்து வெளியே வந்தபோது கத்த வேண்டும் போல இருந்தது. கூட்டமாக நிற்காதீர்கள், கலைந்து போங்கள் என்றார்கள். என் வகுப்பில் யாரோடும் ஒரு படம் எடுக்கவில்லை. தலைப்பு எழுதப் படமே இல்லை. சாயங்காலம் வரைக்கும்தான் எங்கள் சுதந்திரம்.

எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்பவன் அன்று வரவே இல்லை. அவன் ஊரிலிருந்து வர வழியில்லை. அவனைப் போல அன்று வர முடியாமல் போனவர்களுக்கு ஜூலை 27 அன்று மறுபடி வைத்தார்கள். எங்கள் ரிசல்ட் ஜூலை 16-லேயே வந்துவிட்டது. நாங்கள் கல்லூரி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அதே பாடத்தை நான்கு மாதமாக மறக்காமல் வைத்திருந்து எழுதினான். அன்று அவன் எனக்கு அனுப்பிய செய்தி ஒரே வார்த்தை: "இப்பதான்."

கடைசிப் பரீட்சை பற்றி யார் எழுதினாலும் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும்.

நீலக்குயில்

அண்ணா, உங்களுக்காவது கடைசித் தாள் இருந்தது. நான் 2021. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு நடந்தது. மேயில் எழுத்துத் தேர்வு என்று தேதி சொல்லி, தள்ளி வைத்து, ஜூன் 5 அன்று ரத்து என்று அறிவித்தார்கள். பத்தாம் வகுப்பு 50, பிளஸ் ஒன் 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்று விகிதம் போட்டு மதிப்பெண் வந்தது. எல்லோரும் பாஸ்.

வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நோய் அப்படிப் பரவிய நேரத்தில் ரத்து செய்தது சரிதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் முடிந்தது என்று சொல்ல எனக்கு ஒரு மணி அடிக்கவில்லை. என் மேசையில் இயற்பியல் புத்தகம் ஆகஸ்ட் வரை திறந்தே கிடந்தது. மூடினால் ஏதோ பாதியில் விடுவது போல இருந்தது. செங்காந்தள், நீ கூடுதல் தாளை நூல் கட்டியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அழுதேன். அந்த நூல் என் கைக்கு வரவே இல்லை.

ராத்திரி ஷிப்ட்

எல்லாம் சரி. செங்காந்தள், படத்தில் நடுவில் இருக்கும் பெண் நுழைவுச்சீட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், பெரிதாக்கினால் பதிவெண் படிக்க முடிகிறது. பிறந்த தேதியும் தெரிகிறது. ரிசல்ட் பார்க்க இணையதளம் கேட்பது அந்த இரண்டையும்தான். நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். தன் மதிப்பெண்ணைத் தானே முதலில் பார்க்க வேண்டும் என்று வந்த ஒரு பையனுக்கு, வரும் வழியிலேயே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். குறைந்த மதிப்பெண். அவன் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த இடத்தை மறைத்துவிட்டு மறுபடி போடு.

கடைசி பெஞ்சு

பரீட்சைதான் முடிந்துவிட்டதே, நுழைவுச்சீட்டையே கிழித்துப் போட்டுவிடலாமே?

ராத்திரி ஷிப்ட்

வேண்டாம் அண்ணே. ரிசல்ட் பார்க்க, விடைத்தாள் நகல் கேட்க, எல்லாவற்றுக்கும் பதிவெண் வேண்டும். மே மாதம் அதைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள்.

செங்காந்தள்

எடுத்துவிட்டேன் அண்ணா. மறைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன்.

நீலக்குயில் அக்கா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன்.

வெண்ணாற்றங்கரை

அம்மா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தக் கணக்கில் தொழிலின் நற்பெயருக்கு மதிப்பு ஏதாவது கொடுத்திருந்தார்களா? புதிய கூட்டாளி சேரும்போது பெரும்பாலும் அதையும் சேர்த்துக் கேட்பார்கள். நீ சொன்ன எண்களில் அது இல்லை. புதியவர் அதற்கென்று ரொக்கம் தராமல், முதல் கணக்குகளிலேயே சரிக்கட்டச் சொல்லியிருந்தால், அதை விட்டாலும் மொத்தம் 1,75,000-தான் வரும். டேலி ஆகிவிடும், விட்டது தெரியாது. வினாத்தாளைப் பார்த்துச் சொல்லேன்.

செங்காந்தள்

இல்லை என்றுதான் நினைக்கிறேன் சார். வினாத்தாள் பெட்டிக்குள் போய்விட்டது, பெட்டி பரணுக்குப் போய்விட்டது. நாளைக்குக் காலை பெரியம்மா ஊருக்குக் கிளம்புகிறேன், திருவிழா. வந்து எடுத்துப் பார்க்கிறேன்.