ஒரு நாளைக்கு எத்தனை கலோரி குறைத்தீர்கள்? பலம் போகாமல் இளைத்தவர்கள் எழுதுங்கள்

பெருங்குடிக் கணக்காளர்

உயரம் 171 செ.மீ. 85 கிலோவில் தொடங்கி இரண்டு மாதத்தில் 78க்கு வந்திருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலி வேலை. ஜிம்மில் கொடுத்த 1200 கலோரி அட்டவணைதான்: காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறும் கூட்டும், மாலையில் கொய்யா, இரவு இரண்டு சப்பாத்தி.

பசியைப் பற்றி எழுத வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 60 கிலோ பாரைத் தோளில் வைத்து ஸ்குவாட்டுக்கு இறங்கினேன். முன்பெல்லாம் எட்டு முறை சிரமமில்லாமல் செய்த எடை. நான்காவது முறை கீழே போன பிறகு மேலே வர முடியவில்லை. பாதுகாப்புக் கம்பியின் மேல் பாரை விட்டுவிட்டு வெளியே தவழ்ந்து வந்தேன். பயிற்சியாளர், "ஏழு கிலோ போயிருக்கிறதே சார், பலமும் கூடவே கொஞ்சம் போகத்தானே செய்யும்" என்றார். பெல்ட்டிலோ ஒரே ஒரு துளைதான் மாறியிருக்கிறது. அப்படியானால் போனது என்ன?

அம்பத்தூர் 110

பயிற்சியாளர் மீது குறை சொல்லாதீர்கள். நான் 110 கிலோவில் இருந்தபோது நாளொன்றுக்கு 1000 கலோரி குறைத்தேன். வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் இறங்கியது. பலம் குறையவே இல்லை, கூடியது. ஒவ்வொரு மாதமும் டம்பெல்லை மாற்ற வேண்டியிருந்தது. மெதுவாகக் குறைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பாதியிலேயே சலித்துப்போய் விட்டிருப்பேன். கண்ணாடியில் மாற்றம் தெரிந்தால்தான் மனிதன் தொடருவான். பெரிதாகக் குறையுங்கள், சீக்கிரம் முடியுங்கள்.

கோவை பிசியோ

அம்பத்தூர் நண்பர் சொன்னது அவருக்கு உண்மை. 110 கிலோ உடம்பில் எடுத்துச் செலவழிக்கக் கொழுப்பு நிறைய இருந்தது. 1000 கலோரி என்பது அவருடைய செலவில் மூன்றில் ஒரு பங்குதான். அதோடு அவர் பயிற்சிக்குப் புதியவர். புதியவர்களுக்குப் பற்றாக்குறையிலும் தசை வளரும். அதே 1000ஐ 78 கிலோ ஆளிடம் வைத்தால் கணக்கே வேறு.

கணக்காளர் ஐயா, இன்றைக்கு உங்கள் செலவு தோராயமாக 2250 இருக்கலாம். அதில் 1200தான் சாப்பிடுகிறீர்கள் என்றால் கிட்டத்தட்ட பாதி குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் போகவேண்டும். ஓரளவு இளைத்தவருக்கு நான் அரை சதவீதத்தை ஒட்டித்தான் வைப்பேன்: உங்களுக்கு வாரம் 400 கிராம். அதற்கு நாளொன்றுக்கு 400 முதல் 450 கலோரி குறைத்தால் போதும். சாப்பிட வேண்டியது 1800, 1850.

பற்றாக்குறையைவிட உங்கள் தட்டுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அந்த அட்டவணையில் புரதம் நாற்பது கிராம்கூடத் தேறாது. கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் உங்களுக்கு 120க்கு மேல் வேண்டும். காலையில் நான்கு முட்டை, மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து 150 கிராம் வெந்த கோழி, கூடவே தயிர், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு சப்பாத்தியோடு 40 கிராம் மீல்மேக்கர். இது 1850க்குள் அடங்கும், 120ஐயும் தொட்டுவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பார் கனத்துப்போனதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சோறு குறைந்ததும் தசையில் சேமித்திருந்த மாவுச்சத்தும் அதைப் பிடித்திருந்த தண்ணீரும் வடிந்துவிடும். தசை அங்கேயே இருக்கும், எரிபொருள்தான் இருக்காது. ஏழு கிலோவில் முதல் வாரம் போனதில் பெரும்பகுதி இதுவாக இருக்கும். இரண்டாவது காரணம் தசையே கரைந்திருப்பது. பிரித்தறிய நான் செய்யும் வழி எளிது: பத்து நாள் 2250 அளவிலேயே, சோற்றோடு சாப்பிடச் சொல்வேன். எடை ஒரு கிலோ கூடும், பயப்பட வேண்டாம், அது தண்ணீர். ஏழெட்டு முறை திரும்ப வந்துவிட்டால் எரிபொருள்தான் காலியாகியிருந்தது. ஐந்திலேயே நின்றால் தசை போயிருக்கிறது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும். உடம்பில் மின்சாரம் செலுத்தித் தசை அளவு சொல்லும் எந்திரத்தை இதற்கு நம்பாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் அது தசை குறைந்ததாகக் காட்டும்.

நெல்லை வங்கிக்காரர்

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, க்ளிமிபிரைட் மாத்திரை எடுக்கிறேன். மகள் சொன்னாள் என்று சாப்பாட்டைப் பாதியாக்கினேன். கவுண்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்த்து, எண்ணிக்கை மறந்து போனது. எதிரே நின்ற அம்மாள்தான் தன் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்த பிறகுதான் சாப்பாட்டைக் குறைக்க அனுமதித்தார். மாத்திரை எடுப்பவர்கள் இங்கே சொல்லப்படும் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அரிசியை விட்டுச் சாமை, தினைக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகும்.

இரவு ஷிப்ட்

பெரியவரே, சாமையிலும் கலோரி அரிசியை ஒட்டித்தான் இருக்கிறது. அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் எடை இறங்காது.

என் கதை வேறு. 350 கலோரிதான் குறைத்தேன், புரதமும் சரியாக இருந்தது, ஆனாலும் தோள் பயிற்சியில் எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஷிப்ட் மாறிய மாதம் அது. பகலில் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். ஒருநாள் 8 கிலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கப் போய், பாதியில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் ஓடிவந்து பிடித்தாள். 2010இல் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வை அதன் பிறகு படித்தேன். பத்துப் பேர், ஒரே அளவு குறைத்த சாப்பாடு, 14 நாள் வீதம் இரண்டு முறை: ஒரு முறை எட்டரை மணி நேரம் படுக்கை, ஒரு முறை ஐந்தரை. இரண்டிலும் மூன்று கிலோ அளவுக்குத்தான் எடை குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் கெட்டபோது 0.6தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் படித்தபோது வயிறு கலங்கியது. ஷிப்ட் மாறும் வாரங்களில் நான் இப்போது குறைப்பதே இல்லை.

அம்பத்தூர் 110

பிசியோ அம்மா சொன்னதை யோசித்தேன். நான் 88க்கு வந்தபோது எனக்கும் வேகம் நின்றதும் தொடை பலம் போனதும் உண்மை. ஆனாலும் வாரம் 400 கிராம் என்றால் ஐந்து கிலோவுக்கு மூன்று மாதம் ஆகும். கல்யாணம், தீபாவளி, அலுவலக விருந்து எல்லாவற்றையும் தாண்டி அத்தனை நாள் யார் தாங்குவார்கள்? ஆறு வாரம் இறுக்கிப் பிடித்து முடிப்பதே மேல் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பெருங்குடிக் கணக்காளர்

நன்றி. காலாண்டுக் கணக்கு முடிக்கும் வாரங்களில் இரவு பதினொன்று வரை அலுவலகம். சாப்பாடு யாரோ வரவழைக்கும் பிரியாணி, தூக்கமும் ஐந்து மணி நேரம். அந்த வாரங்களில் 1850 எப்படி முடியும்? ஜிம்முக்கே போக முடியாதே.

கோவை பிசியோ

அந்த வாரங்களில் குறைக்கவே வேண்டாம், இரவு ஷிப்ட் தோழி செய்வதைப்போல. பிரியாணியில் சோற்றைப் பாதி ஒதுக்கி, கோழித்துண்டையும் முட்டையையும் முழுதாகச் சாப்பிடுங்கள். எடை அதே இடத்தில் நின்றால் போதும். பயிற்சி ஒரு நாள் முப்பது நிமிடம் செய்தாலும் பாரின் எடையைக் குறைக்காதீர்கள், செட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். தசையைப் பிடித்து வைப்பது பாரின் கனம். பலரும் நேர்மாறாக, எடையைக் குறைத்து இருபது முறை தூக்குகிறார்கள்.

அம்பத்தூர் நண்பருக்கு: ஆறு வாரம் இறுக்குவதும் முடியும், புரதத்தை இன்னும் உயர்த்தி, நன்றாகத் தூங்கி, கனமாகத் தூக்கினால். பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புபவரிடம் அந்த மூன்றில் எது இருக்கும்? என் நோயாளிகளில் இரண்டு வழியிலும் இளைத்தவர்கள் உண்டு. யார் எதில் நிலைப்பார் என்பதை எனக்கு முன்கூட்டிச் சொல்லத் தெரியவில்லை.

கணக்காளர் ஐயா, பத்து நாள் கழித்து எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எழுதுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் காலை வெறும் வயிற்றில் நாடாவால் எடுத்து எழுதுங்கள். பெல்ட் துளை வேண்டாம்.