மனம் தேடுவது ஆறுதலையா, அவரையா?

கார்முகில்:
நெடுநாள் உறவு முறிந்து சில மாதங்களில் ஒருவர் அறிமுகமானார். பொறுமையாகக் கேட்பவர், இரவுதோறும் பேசுகிறோம். அண்மையில் ஒன்றைக் கவனித்தேன். பதவி உயர்வு கிடைத்த அன்று இவரை அழைக்கவே தோன்றவில்லை. மறுநாள் பழையவரின் புகைப்படம் கண்ணில் பட்டதும் கை தானாக இவர் எண்ணைத் தேடியது. இப்போது திருமணம் பற்றிப் பேசலாமா என்று கேட்கிறார். இந்த நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:
பழைய உறவு நீடித்த காலத்தில் பாதியாவது தனியாக இருக்க வேண்டும். அதற்குள் வருவது நிலைக்காது. என் நண்பனுக்கு அப்படித்தான் ஆனது.

பழுப்பிலை:
பழையவரோடு மீண்டும் சேரலாமா என்றுதானே கேட்கிறீர்கள்? பேசிப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் சேர்ந்தோம்.

கார்முகில்:
இல்லை, அது முடிந்துவிட்டது. கேள்வி புதியவரைப் பற்றியது.

தாழை:
உறவுச் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அந்தப் பாதிக் கணக்குக்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. பிரம்பா, ஃப்ரேலி என்ற உளவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவுக்குப் பின் புது உறவில் இருந்தவர்களிடம் தன்னம்பிக்கை கூடுதலாகவே இருந்தது. ஆனால் மனம் தேறியவர்கள்தாம் சீக்கிரம் துணை தேடினார்களா என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியாது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம், புதியவரை அழைக்கத் தோன்றும்போதெல்லாம் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். பெரும்பாலான வரிகளில் பழையவர் இருந்தார், அல்லது வெறுமையான மாலைப்பொழுது இருந்தது. பிறகு, "இந்த வாரம் அவருக்கு என்ன கவலை?" என்று கேட்டேன். மாதக்கணக்கில் பேசியும் அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. அதை அந்த மனிதரிடம் அப்படியே சொன்னார். இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பகலில் சந்திக்கத் தொடங்கினார்கள். அழுகைக்கு இடமில்லாத அந்தச் சந்திப்புகளில் பேச ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்தது, பிரிந்தார்கள். வேறு சிலருக்கு அங்கேதான் உண்மையான பழக்கம் தொடங்கியிருக்கிறது. ஆறுதல் தேடுவது குற்றமல்ல. எதிரில் இருப்பவர் அதை அறியாமல் திருமணத்துக்குத் தயாராவதுதான் ஆபத்து.

ஓடக்கரை:
நான் அப்படி ஒருத்தியின் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவன். அவள் முன்பே சொல்லியிருந்தால் அப்போதும் பக்கத்தில் இருந்திருப்பேன், ஆனால் கனவு கண்டிருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

நெடுவழி:
பகலில் சந்திக்கும் யோசனை நல்லது. காலக்கெடு வேண்டும் என்பதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

கார்முகில்:
அவருக்கு என்ன கவலை என்று யோசித்தேன். தம்பியின் கடன் என்று உடனே நினைவுக்கு வந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. திருமணப் பேச்சைத் தள்ளிவைக்கக் கேட்கப்போகிறேன். புகைப்படம் பார்த்த அன்று ஏன் அழைத்தேன் என்பதையும் சொல்லிவிடுவேன்.