பிளானைப் பார்த்து ரைல்ஸ், பெயின்ற் கணக்குப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பரந்தன் தங்கச்சி: நாங்கள் வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறோம். அளவுகளைச் சொன்னால் காசு போடுகிறேன் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொன்னதால், பிளானின் ஸ்கிறீன்சொட்டைப் பார்த்தே கணக்குப் போட்டேன். முன் அறை 12 அடிக்கு 10 அடி 6 அங்குலம், அதாவது 126 சதுர அடி. ரைல் இரண்டுக்கு இரண்டு. நாலால் பிரித்தால் முப்பத்தொன்றரை வரும் என்று 32 ரைல், எட்டுப் பெட்டி எடுத்தோம். பதிக்கும்போது மூன்று குறைந்துவிட்டது. மேலும் இரண்டு வெட்டும்போது உடைந்தன. திரும்பக் கடைக்குப் போனால் அதே ரைல்தான், ஆனால் நிறம் கொஞ்சம் மங்கல். இப்போது கதவுப் பக்கம் ஒரு வரிசை தனியாகத் தெரிகிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படுகிறது. எங்கே பிழை விட்டேன்?

வவுனியாக்காரன்: பத்து வீதம் கூட்டிப் போட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் விசயம். நான் இரண்டு வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன், ஒன்றும் குறையவில்லை.

புதுக்குடியிருப்பு மேசன்: தம்பி சொல்வது பெரிய ஹோலுக்குச் சரிவரும், சின்ன அறைக்கு வராது. தங்கச்சி, முதலாவது, இரண்டுக்கு இரண்டு என்று சொன்னாலும் ரைல் 60 சென்ரிமீற்றர்தான். இரண்டு அடி என்றால் 61 வேண்டும். பெட்டியைப் பாருங்கள், நாலு ரைலுக்கு 1.44 சதுர மீற்றர் என்று இருக்கும். எட்டுப் பெட்டி 11.52. உங்கள் அறை 11.7. வெட்டாமல் பதித்தாலே காணாது.

இரண்டாவதுதான் முக்கியம். ரைலைப் பரப்பளவால் எண்ணக்கூடாது, வரிசையால் எண்ண வேண்டும். 12 அடிப் பக்கம் ஆறு முழு ரைல் போனால், மூட்டு இடைவெளி போக நாலரை சென்ரிமீற்றர் மிஞ்சும். மற்றப் பக்கம் ஐந்து முழு ரைல் போய் 19 சென்ரிமீற்றர் மிஞ்சும். முழு ரைல் 30, ஓரத் துண்டுகளுக்கு மூன்று, மொத்தம் 33. ஆனால் நாலரை சென்ரிமீற்றர் கீற்றைச் சுவரோரம் வைத்தால் அவலட்சணம், உடையவும் செய்யும். அதனால் உங்கள் மேசன் நடுவிலிருந்து தொடங்கியிருப்பார். அப்போது ஐந்து முழு ரைல், இரு கரையிலும் 32 சென்ரிமீற்றர். பாதிக்கு மேல் என்பதால் ஒரு ரைலில் அப்படி இரண்டு துண்டு எடுக்க முடியாது. வரிசைக்கு ஏழு ரைல், ஐந்து வரிசைக்கு 35. கடைசி 19 சென்ரிமீற்றர் வரிசையை வெட்டி மிஞ்சிய துண்டுகளில் எடுக்கலாம். கோடு ஓடும் ரைல் என்றால் அதுவும் சரிவராது, துண்டைத் திருப்பினால் கோடு குறுக்கே போகும்.

பரந்தன் தங்கச்சி: ஓம் அண்ணை, நடுவிலிருந்துதான் தொடங்கினார். 35 என்றால் நான் எடுத்தது மூன்று குறைவு, அப்படியே வருகிறது.

புதுக்குடியிருப்பு மேசன்: சுவரோரம் நாலு அங்குலப் பட்டி அதே ரைலில் வெட்டுவதென்றால் இன்னும் நாலு ரைல் வேண்டும். உடைவுக்கு இரண்டு சேர்த்தால் 41. பதினொரு பெட்டி எடுக்கலாம். எல்லாப் பெட்டியிலும் நிற இலக்கம் ஒன்றா என்று லொறியில் ஏற்ற முன்னமே பாருங்கள்.

மாங்குளம் 77: எங்கள் குளியலறைச் சுவரில் பெயின்ற் உரிகிறது. எத்தனை லீற்றர் வாங்கலாம்?

புதுக்குடியிருப்பு மேசன்: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். லீற்றர் கணக்கு அதற்குப் பிறகுதான்.

முல்லைத்தீவு அக்கா: பெயின்றில் நான் பட்டதைச் சொல்கிறேன். பிளானில் நீளம், அகலம்தான் இருக்கும், உயரம் இருக்காது. நான் 10 அடி என்று வைத்தேன். தங்கச்சியின் அறைக்கே பார்த்தால் சுற்றளவு 45 அடி, சுவர் 450 சதுர அடி. கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் 400 அளவில் வரும். இரண்டு பூச்சுக்கு 800. லீற்றருக்கு 100 முதல் 120 சதுர அடி என்றால் எட்டு லீற்றர் போதும். ஆனால் எங்களுடையது ஓட்டு வீடு, சீலிங் அடிக்கவில்லை. முகட்டுச் சுவர் கூம்பாக மேலே போகிறது. அந்த முக்கோணத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அதோடு புதுச் சீமெந்துப் பூச்சில் பிறைமர் அடிக்காமல் தொடங்கியதில் முதல் பூச்சை அப்படியே சுவர் குடித்துவிட்டது.

வவுனியாக்காரன்: கதவு, ஜன்னலைக் கழிக்காமல் விட்டால் அதுவே மேலதிகமாக இருக்குமே.

முல்லைத்தீவு அக்கா: ஒரு ஜன்னல் அறையில் சரி. எங்கள் ஹோலில் நாலு பெரிய ஜன்னல், கழிக்காவிட்டால் ஒரு வாளி வீணாகும்.

பரந்தன் தங்கச்சி: இன்னொரு சந்தேகம். நடு அறையின் அளவு ஸ்கிறீன்சொட்டில் மங்கல், 8 அடி 6 அங்குலமா 9 அடி 6 அங்குலமா என்று தெரியவில்லை.

புதுக்குடியிருப்பு மேசன்: வெளி அளவிலிருந்து கழித்துப் பாருங்கள்.

பரந்தன் தங்கச்சி: வெளியே 31 அடி 6 அங்குலம். முன் அறை 12, குசினி 8, ஆறு அங்குலச் சுவர் நாலு என்றால் இரண்டு அடி. மிச்சம் 9 அடி 6 அங்குலம். இன்று பின்னேரம் நாடா பிடித்தும் பார்த்தேன், 9 அடி 5 அங்குலம்தான் வந்தது. பூச்சு ஓர் அங்குலத்தை எடுத்துவிட்டது. இந்த அறைக்கு அதை வைத்துத்தான் வரிசை எண்ணுகிறேன்.